லாபத்தைத் தின்ற வட்டி

2018 மார்ச் மாதம், அமெரிக்காவின் புகழ்பெற்ற பொம்மைக் கடைத் தொடரான ‘டாய்ஸ் ஆர் அஸ்’, அந்நாட்டில் இருந்த தன் கடைகள் எல்லாவற்றையும் மூடப்போவதாக அறிவித்தது. 700-க்கும் மேற்பட்ட கடைகள், 30,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள். அடுத்த சில வாரங்கள் பத்திரிகைகளில் ஒரே விளக்கம்தான் திரும்பத் திரும்ப வந்தது: அமேசான் வந்தது, கடை போனது.

அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நிறுவனத்தின் கணக்குப் புத்தகம் வேறொரு கதையையும் சொல்கிறது. திவாலுக்கு முந்தைய கடைசி முழு நிதியாண்டான 2016-ல் டாய்ஸ் ஆர் அஸ் ஏறக்குறைய 1,150 கோடி டாலருக்கு விற்பனை செய்திருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2004-ல், விற்பனை சுமார் 1,110 கோடி டாலர். இடையில் 1,390 கோடி வரை ஏறி இறங்கியிருக்கிறது. விலைவாசி உயர்வைக் கழித்தால் வளர்ச்சி இல்லை என்றும் சொல்லலாம். இருந்தாலும் வாடிக்கையாளர்கள் வராமல் போன கடையின் கணக்கு இதுவல்ல. பொம்மை விற்று, சம்பளமும் வாடகையும் கொடுத்து, எல்லாச் செலவும் போக அந்த ஆண்டு கையில் நின்ற செயல்பாட்டு லாபம் மட்டும் சுமார் 46 கோடி டாலர்.

அதே ஆண்டு கட்டிய வட்டி 45.7 கோடி டாலர்.

ஒரு நிறுவனத்தை வெளியிலிருந்து பார்க்கும் பங்கு முதலீட்டாளரோ, அங்கே வேலைக்குச் சேரப்போகிறவரோ, அதற்குச் சரக்கு அனுப்பும் வியாபாரியோ இப்படிப்பட்ட நிலையை முன்கூட்டியே கண்டுகொள்ள இரண்டு விகிதங்கள் உதவும். ஒன்று, கடன்–பங்கு விகிதம். மற்றொன்று, வட்டிக் காப்பு விகிதம். பங்குச்சந்தைக்காரர்கள் ‘இன்ட்ரஸ்ட் கவரேஜ்’ என்பார்கள். இரண்டையும் கணக்கிட வகுத்தல் தெரிந்தால் போதும். அவை எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

யாருடைய பணம்?

டாய்ஸ் ஆர் அஸ் கதையின் திருப்பம் 2005 ஜூலையில் நடந்தது. கேகேஆர், பெய்ன் கேப்பிட்டல் என்ற இரு தனியார் முதலீட்டு நிறுவனங்களும், வொர்னேடோ என்ற ரியல் எஸ்டேட் நிறுவனமும் சேர்ந்து அதை 660 கோடி டாலருக்கு வாங்கின. அதில் மூவரும் சொந்தமாகப் போட்ட பணம் சுமார் 130 கோடி. மிச்சம் கடன். கடன் என்றால், வாங்கிய மூன்று நிறுவனங்களின் பெயரில் அல்ல. வாங்கப்பட்ட பொம்மைக் கடையின் பெயரில். வேறொருவர் நம் வீட்டை வாங்க, அந்தக் கடனுக்கு நாமே தவணை கட்டுவது போன்ற ஏற்பாடு இது. கை மாறுவதற்கு முன் நிறுவனத்தின் கடன் சுமார் 186 கோடி டாலர். கை மாறிய பிறகு அது 500 கோடியைத் தாண்டியது.

கடன்–பங்கு விகிதம் என்பது நிறுவனத்தின் மொத்தக் கடனைப் பங்குதாரர்களின் பணத்தால் வகுத்து வரும் எண். பங்குதாரர்களின் பணம் என்பதில் அவர்கள் முதலில் போட்ட மூலதனமும், ஆண்டுதோறும் பிரித்துக் கொடுக்காமல் சேர்த்துவைத்த லாபமும் அடங்கும். அந்தப் பேரத்தில் சுமார் 530 கோடி கடன், 130 கோடி சொந்தப் பணம் என்றால் விகிதம் ஏறக்குறைய 4. அதாவது முதலாளி ஒரு ரூபாய் போட்ட இடத்தில் கடன்காரர் நான்கு ரூபாய் போட்டிருக்கிறார்.

இதில் கவனிக்க வேண்டியது, இருவகைப் பணத்துக்கும் உள்ள குணவேறுபாடு. பங்குதாரருக்குக் கெட்ட ஆண்டில் டிவிடெண்ட் கொடுக்காமல் இருக்கலாம். அவர் முனகுவார், வழக்குப் போட முடியாது. கடன்காரருக்கு அப்படிச் சொல்ல முடியாது. மழை பெய்தாலும் காய்ந்தாலும் வட்டி தேதி தவறக்கூடாது. நஷ்டம் வந்தால் முதலில் கரைவது பங்குதாரரின் பணம். அது எவ்வளவு கனமாக இருக்கிறதோ அவ்வளவு அடியைக் கடன்காரரைத் தொடாமல் நிறுவனம் தாங்கிக்கொள்ளும்.

ஆகவே கடன்–பங்கு விகிதம் தாங்குதிறனைச் சொல்கிறது. ஆனால் இந்த மாத வட்டியை இந்த மாத வியாபாரத்திலிருந்து கட்ட முடியுமா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. அதற்கு இரண்டாவது விகிதம் வேண்டும்.

ஒன்றுக்கும் கீழே

வட்டிக் காப்பு விகிதம் என்பது வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபத்தை வட்டிச் செலவால் வகுத்து வருவது. விடை 5 என்றால் கட்ட வேண்டிய வட்டியைப்போல் ஐந்து மடங்கு சம்பாதிக்கிறது என்று பொருள். 1 என்றால் சம்பாதிப்பது முழுவதும் வட்டிக்கே சரி. 1-க்குக் கீழே போனால் வட்டியின் ஒரு பகுதியைக் கையிருப்பிலிருந்தோ, சொத்தை விற்றோ, புதுக் கடன் வாங்கியோதான் கட்டியாக வேண்டும்.

டாய்ஸ் ஆர் அஸ்ஸின் கடைசி மூன்று ஆண்டுகளைப் பார்க்கலாம். 2014 நிதியாண்டில் செயல்பாட்டு லாபம் 19.1 கோடி டாலர், வட்டி 44.7 கோடி. விகிதம் 0.43. அடுத்த ஆண்டு லாபம் 37.8 கோடியாக, ஏறக்குறைய இரட்டிப்பாக உயர்ந்தது, வட்டி 42.9 கோடி, விகிதம் 0.88. அதற்கடுத்த ஆண்டு 46 கோடிக்கு 45.7 கோடி, விகிதம் 1.01.

மேலோட்டமாகப் பார்த்தால் நோயாளி தேறிக்கொண்டிருப்பதாகத்தான் தோன்றும். லாபம் மூன்று ஆண்டுகளாக ஏறுகிறது. நிர்வாகம் செலவைக் குறைத்திருக்கிறது. ஆனால் இவ்வளவு தேறிய பிறகும் ஒரு டாலர் வட்டிக்கு ஒரு டாலர் லாபம்தான். இணையதளத்தைச் சீரமைக்கவோ, பழைய கடைகளைப் புதுப்பிக்கவோ, விலையைக் குறைத்து வால்மார்ட்டோடு மோதவோ பணம் எங்கிருந்து வரும்? கடனுக்காக ஆண்டுதோறும் சுமார் 40 கோடி டாலர் போய்க்கொண்டிருந்ததால் தேவையான முதலீடுகளைச் செய்ய முடியவில்லை என்பதைத் திவால் மனுவின்போது நிறுவனமே நீதிமன்றத்தில் விளக்கியது. அமேசானோடு போட்டி போட்டுத் தோற்றது என்பதைவிட, போட்டிக்கான பணம் வேறு வழியில் போய்விட்டது என்பதே பொருத்தம்.

இரண்டு மில்களின் கணக்கு

1.01 ஆபத்து என்பது யாருக்கும் புரியும். 3 இருந்தால் கவலை இல்லையா? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். விகிதம் 3 என்றால் வியாபாரம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தாலும் வட்டி கட்டிவிடலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் விற்பனை சரிவதைவிட லாபம் பல மடங்கு வேகமாகச் சரியும். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும்.

கோவைப் பக்கத்தில் இரண்டு நூற்பாலைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ஆண்டு விற்பனை 100 கோடி ரூபாய். பஞ்சு, மின்சாரம் போன்று உற்பத்தியோடு ஏறி இறங்கும் செலவு 60 கோடி. நிரந்தர ஊழியர் சம்பளம், பராமரிப்பு, தேய்மானம் என்று மில் ஓடினாலும் நின்றாலும் ஆகும் செலவு 28 கோடி. மிஞ்சும் செயல்பாட்டு லாபம் 12 கோடி. இரண்டிலும் போட்டிருக்கும் மொத்தப் பணம் 100 கோடி. வட்டி 10 சதவீதம்.

வித்தியாசம் ஒன்றே ஒன்று. முதல் மில்லில் 40 கோடி கடன், 60 கோடி சொந்தப் பணம். கடன்–பங்கு விகிதம் 0.67. வட்டி 4 கோடி என்பதால் வட்டிக் காப்பு 3. இரண்டாவது மில்லில் 80 கோடி கடன், 20 கோடி சொந்தப் பணம், விகிதம் 4. வட்டி 8 கோடி. வட்டிக் காப்பு 1.5.

நல்ல காலத்தில் இரண்டாவது மில்லின் முதலாளிதான் கெட்டிக்காரராகத் தெரிவார். வட்டி போக அவருக்கு 4 கோடி மிஞ்சுகிறது. 20 கோடி போட்டதற்கு 20 சதவீத லாபம். முதல் மில்காரருக்கு 60 கோடிக்கு 8 கோடி, சுமார் 13 சதவீதம்தான். கடன் வாங்கித் தொழிலைப் பெருக்குவதில் இருக்கும் கவர்ச்சி இதுதான்.

இப்போது நூல் சந்தை மந்தமாகிறது. விற்பனை 20 சதவீதம் குறைகிறது. வருமானம் 80 கோடி. உற்பத்தியோடு போகும் செலவு 48 கோடியாகக் குறையும். ஆனால் அந்த 28 கோடி நிரந்தரச் செலவு அப்படியே நிற்கும். மிஞ்சுவது 4 கோடி. விற்பனை ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது; லாபமோ மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போய்விட்டது. வட்டிக் காப்பு 3 என்றிருந்த முதல் மில் சரியாக 1-க்கு வந்து நிற்கிறது. லாபம் இல்லை, ஆனால் வட்டி கட்டிவிட்டது. அடுத்த ஆண்டு வரை காத்திருக்கலாம். இரண்டாவது மில்லோ விற்பனை 10 சதவீதம் குறைந்தபோதே 1-ஐத் தொட்டிருக்கும். இப்போது அது 0.5. வட்டியில் 4 கோடி துண்டு விழுகிறது.

அந்த 4 கோடிக்கு அது மேலும் கடன் வாங்குகிறது என்போம். தேய்மானத்துக்கு ஒதுக்கிய பணம் பழைய இயந்திரங்களை மாற்றவே சரியாகப் போய்விடுகிறது என்றும் கொள்வோம். முதலாண்டு முடிவில் கடன் 84 கோடி, நஷ்டம் போக சொந்தப் பணம் 16 கோடி. விகிதம் 4-லிருந்து 5.25. மந்தம் தொடர்ந்தால் இரண்டாம் ஆண்டு வட்டியே 8.4 கோடி. ஆண்டு முடிவில் கடன் 88.4 கோடி, சொந்தப் பணம் 11.6 கோடி, விகிதம் 7.6. மூன்றாம் ஆண்டு முடிவில் அது கிட்டத்தட்ட 14. இந்த மூன்று ஆண்டிலும் அந்த முதலாளி ஒரு புதுத் தறியோ கதிரோ வாங்கவில்லை. விரிவாக்கம் எதுவும் செய்யவில்லை. வட்டிக்கு வட்டியும், நஷ்டத்தில் கரைந்த மூலதனமும் சேர்ந்தே விகிதத்தை மேலே தள்ளிவிட்டன.

இரண்டு விகிதங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று சொல்வதன் பொருள் இதில் இருக்கிறது. வட்டிக் காப்பு 1-க்குக் கீழே விழுந்த நாளில்தான் மூலதனம் கரையத் தொடங்குகிறது. அது எத்தனை ஆண்டு தாங்கும் என்பதைக் கடன்–பங்கு விகிதம் சொல்லும். இரண்டுக்கும் மேலாக, நிறுவனத்தின் நிரந்தரச் செலவு எவ்வளவு என்பதும் தெரிய வேண்டும். உருக்கு ஆலை, விமானம், ஹோட்டல் போன்ற தொழில்களில் நிரந்தரச் செலவு மிகப் பெரிது. அங்கே நல்ல காலத்து 3 அவ்வளவு பெரிய எண் அல்ல.

பதினைந்து நாளில் முடிந்தது

விகிதங்கள் மோசமாக இருக்கும் நிறுவனம் மறுநாளே சாய்ந்துவிடுவதில்லை. டாய்ஸ் ஆர் அஸ் 2008-ன் பெரும் பொருளாதார மந்தத்தையே தாண்டி வந்தது. அந்த ஆண்டு லாபமும் காட்டியது. போட்டியாளரான கேபி டாய்ஸ்தான் அப்போது திவாலானது. அப்படிப்பட்ட நிறுவனத்தை 2017-ல் சாய்த்தது எது?

பொம்மை வியாபாரத்துக்கு ஒரு தனிக்குணம் உண்டு. ஆண்டு விற்பனையில் சுமார் 40 சதவீதம் கிறிஸ்துமஸை ஒட்டிய கடைசிக் காலாண்டில் நடக்கும். அதற்கான சரக்கைச் செப்டம்பர், அக்டோபரிலேயே நிரப்பியாக வேண்டும். பொம்மை உற்பத்தியாளர்கள் கடனுக்கு அனுப்புவார்கள். விற்ற பிறகு கடைக்காரர் பணம் கொடுப்பார். தீபாவளிச் சரக்கை ஜவுளிக்கடைகள் எடுக்கும் வழக்கமும் இதுதான்.

2018-ல் சுமார் 40 கோடி டாலர் கடன் முதிர்வடைய இருந்தது. வட்டிக் காப்பு 1 என்று நிற்கும் நிறுவனத்தால் அசலைச் சொந்தப் பணத்தில் அடைக்க முடியாது. பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் வேண்டும். 2017 செப்டம்பர் 6-ம் தேதி, டாய்ஸ் ஆர் அஸ் திவால் வழக்கறிஞர்களை அமர்த்தியிருப்பதாகத் தொலைக்காட்சிச் செய்தி ஒன்று வந்தது. ஒரு வாரத்துக்குள், சரக்கு அனுப்புகிறவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் பணத்தை முன்னால் வைத்தால்தான் பொம்மையை அனுப்புவோம் என்று சொல்லிவிட்டார்கள். எல்லோரும் அப்படிக் கேட்டால் கூடுதலாக 100 கோடி டாலருக்கு மேல் ரொக்கம் தேவைப்படும். அது இல்லை. செப்டம்பர் 18-ம் தேதி நிறுவனம் வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகர நீதிமன்றத்தில் திவால் மனு போட்டது. அந்தக் கிறிஸ்துமஸ் விற்பனையும் கைகொடுக்காததால் மீட்பு முயற்சி தோற்று, 2018 மார்ச்சில் கடைகளை மூடும் முடிவு வந்தது.

மந்தகாலத்தில் நிறுவனங்கள் விழும் வழி பெரும்பாலும் இப்படித்தான். லாபம் குறைந்ததால் நேரடியாக யாரும் விழுவதில்லை. லாபம் குறைந்ததைப் பார்த்து வங்கி கடனைப் புதுப்பிக்கத் தயங்குகிறது. அதைக் கேள்விப்பட்ட சப்ளையர் ரொக்கம் கேட்கிறார். ரொக்கம் போதாமல் கதவு சாத்தப்படுகிறது. வட்டிக் காப்பு 5, 6 என்றிருந்தால் முதல் தயக்கமே வந்திருக்காது.

காற்றாலையும் வெளிநாட்டுக் கடனும்

இதே கதையின் இந்திய வடிவம் ஒன்று உண்டு. அதன் முடிவு வேறு. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் பயணம் செய்தவர்கள் சுஸ்லான் என்ற பெயரைக் காற்றாலைகளில் பார்த்திருப்பார்கள். துளசி தாந்தி 1995-ல் தொடங்கிய இந்த நிறுவனம் 2005-ல் பங்குச்சந்தைக்கு வந்தது. வந்த வேகத்தில் 2006-ல் பெல்ஜியத்தின் ஹான்சன் என்ற கியர்பாக்ஸ் நிறுவனத்தையும், 2007-ல் ஜெர்மனியின் ஆர்இபவர் நிறுவனத்தையும் வாங்கியது. பெரும்பகுதி கடன் பணம்.

கடனில் ஒரு பகுதி, பங்காக மாற்றிக்கொள்ளக்கூடிய வெளிநாட்டுப் பத்திரங்கள். பத்திரத்தை வாங்கியவர், முன்பே குறித்த விலையில் அதைப் பங்காக மாற்றிக்கொள்ளலாம். வேண்டாமென்றால் முதிர்வு நாளில் டாலரில் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பங்கு விலை பறந்துகொண்டிருந்த நாட்களில் இதை யாரும் கடனாகவே நினைக்கவில்லை. எல்லோரும் பங்காக மாற்றிக்கொள்வார்கள், கடன் தானே மூலதனமாகிவிடும் என்ற எதிர்பார்ப்பு. 2008-ல் உலகெங்கும் கடன் வறண்டு காற்றாலை ஆர்டர்கள் சரிந்தன. பங்கு விலையும் குறித்த விலைக்கு வெகு கீழே விழுந்தது. நூறு ரூபாய்க்கு மாற்றிக்கொள்ளும் உரிமையை, சந்தையில் பத்து ரூபாய்க்குப் பங்கு கிடைக்கும்போது யார் பயன்படுத்துவார்? மூலதனமாக மாறும் என்று நம்பிய கடன், கடனாகவே நின்றது. அதுவும் ரூபாய் சரியச் சரிய வீங்கும் டாலர் கடன்.

2012-ல் இந்தியாவில் காற்றாலை போடுவோருக்கு இருந்த துரிதத் தேய்மானச் சலுகையும் நிறுத்தப்பட, உள்நாட்டுச் சந்தையும் சுருங்கியது. அந்த ஆண்டு அக்டோபரில் முதிர்ந்த 20 கோடி டாலருக்கும் மேற்பட்ட பத்திரங்களுக்கு சுஸ்லானால் பணம் தர முடியவில்லை. நான்கு மாத அவகாசம் கேட்டும் பத்திரதாரர்கள் மறுத்துவிட்டார்கள். 2012-13 நிதியாண்டின் நஷ்டம் சுமார் 4,700 கோடி ரூபாய்.

ஆனால் சுஸ்லான் மூடப்படவில்லை. 2015-ல் ஆர்இபவரை (அப்போது சென்வியான் என்று பெயர் மாறியிருந்தது) 100 கோடி யூரோவுக்கு விற்றது. அதே ஆண்டு சன் பார்மாவின் திலீப் சங்வி தரப்பு 1,800 கோடி ரூபாய் மூலதனம் போட்டது. 2020-ல் வங்கிகள் கடனைச் சீரமைத்துக்கொடுத்தன. 2022 அக்டோபரில், துளசி தாந்தி மறைந்த சில நாட்களில், பங்கு 5 ரூபாய் என்ற விலையில் 1,200 கோடிக்கு உரிமைப் பங்கு வெளியீடு நடந்தது. 2023 ஆகஸ்டில் பெரிய முதலீட்டாளர்களிடம் மேலும் 2,000 கோடி திரட்டிக் கடனை அடைத்தது.

இந்த வரிசையில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும். லாபம் இல்லாத நிறுவனம் கடன்–பங்கு விகிதத்தைக் கீழே கொண்டுவர முக்கியமான வழிகள் இரண்டு: சொத்தை விற்றுக் கடனை அடைப்பது, அல்லது புதுப் பங்கு விற்று மூலதனத்தைக் கூட்டுவது. இரண்டையும் நெருக்கடியில் செய்தால் விலை கிடைக்காது. 5 ரூபாய்க்குப் பங்கு விற்றபோது 240 கோடி புதுப் பங்குகள் வந்தன. பழைய பங்குதாரரின் பங்கு அந்த அளவுக்கு நீர்த்துப்போனது. நிறுவனம் பிழைத்தது என்பதும், 2007-ல் அதன் பங்கை வாங்கியவர் பிழைத்தார் என்பதும் வேறு வேறு.

எண் ஏமாற்றும் இடங்கள்

எல்லாத் தொழிலுக்கும் ஒரே அளவுகோல் கிடையாது. இந்தியாவில் மின்கடத்தல் திட்டங்களுக்கு 70 பங்கு கடன், 30 பங்கு மூலதனம் என்பதை மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையமே கட்டண நிர்ணயத்துக்கான அளவாக வைத்திருக்கிறது. விகிதம் 2.33. கட்டணத்தை ஆணையம் முன்கூட்டியே நிர்ணயிப்பதால் மந்தத்திலும் வருமானம் பெரிதாக ஆடாது. அதனால் இது தாங்கும். அதே 2.33 ஓர் உருக்கு ஆலைக்கோ சொகுசு ஹோட்டலுக்கோ இருந்தால் நெற்றியைச் சுருக்க வேண்டும். வங்கிகள், வங்கியல்லாத நிதி நிறுவனங்களுக்கு இந்த இரு விகிதங்களையும் இப்படிப் போட்டுப் பார்க்கவே கூடாது. கடன் வாங்கிக் கடன் கொடுப்பதே அவற்றின் தொழில். வட்டி அவற்றுக்குக் கச்சாப்பொருள்.

இரண்டாவது, லாபத்தை எந்த இடத்தில் அளக்கிறார்கள் என்பது. நிர்வாகங்கள் தேய்மானத்தைக் கழிக்காத ‘எபிட்டா’ என்ற லாபத்தைக் காட்டி வட்டிக் காப்பைச் சொல்ல விரும்பும். டாய்ஸ் ஆர் அஸ் 2016-ல் அறிவித்த சரிக்கட்டிய எபிட்டா 79.2 கோடி டாலர். அதை 45.7 கோடி வட்டியால் வகுத்தால் 1.7 வரும். 1.01-ஐவிட எவ்வளவு ஆறுதல்! ஆனால் கடையின் தரையும் குளிர்சாதனமும் கணினியும் தேய்வது நிஜம். அவற்றை மாற்ற ஆண்டுதோறும் நிஜப் பணம் போகிறது. அந்தச் செலவைச் செய்யாமல் வட்டி கட்டினால் கடை பழசாகிக்கொண்டே போகும்.

மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. ஒரு நிறுவனம் புது ஆலை கட்டும்போது அதற்கான கடனின் வட்டியை லாப நட்டக் கணக்கில் காட்டத் தேவையில்லை. ஆலையின் அடக்கவிலையோடு சேர்த்துவிடலாம். கணக்கு விதிகள் இதை அனுமதிக்கின்றன. ஆகவே கட்டுமானம் நடக்கும்வரை வட்டிச் செலவு சிறிதாகத் தெரியும். வட்டிக் காப்பு ஆரோக்கியமாக இருக்கும். ஆலை ஓடத் தொடங்கிய நாளிலிருந்து முழு வட்டியும் தேய்மானமும் ஒன்றாகச் செலவில் வந்து விழும். ஆலை திறக்கும் ஆண்டும் சந்தை மந்தமாகும் ஆண்டும் ஒன்றாக அமைந்துவிட்டால், முந்தைய ஆண்டு 4 என்றிருந்த விகிதம் ஒரே தாவலில் 1-க்குக் கீழே போய்விடும்.

ஆண்டறிக்கையில் எங்கே பார்ப்பது?

இந்திய நிறுவனங்களின் ஆண்டறிக்கையில் இந்தத் தேடல் அரைமணி நேர வேலை. ஒருங்கிணைந்த கணக்கை எடுத்துக்கொள்ள வேண்டும்; தாய் நிறுவனத்தின் தனிக் கணக்கில் துணை நிறுவனங்களின் கடன் தெரியாது. இருப்புநிலைக் குறிப்பில் ‘கடன்கள்’ என்ற வரி இரண்டு இடங்களில் வரும்: நீண்டகாலப் பொறுப்புகளில் ஒன்று, நடப்புப் பொறுப்புகளில் ஒன்று. இரண்டையும் கூட்ட வேண்டும். 2019 ஏப்ரலிலிருந்து குத்தகைப் பொறுப்புகளும் தனி வரியாக வருகின்றன; கடைத் தொடர், விமான நிறுவனம் போன்றவற்றில் அதையும் சேர்த்துக் கணக்கிடுவது நல்லது, வாடகையும் தப்ப முடியாத செலவுதான். இந்தக் கூட்டுத்தொகையைப் பங்குதாரர் நிதியால் வகுத்தால் முதல் விகிதம். 2021-22 நிதியாண்டிலிருந்து நிறுவனங்கள் கடன்–பங்கு விகிதத்தைக் குறிப்புகளில் தாங்களே தர வேண்டும். முந்தைய ஆண்டைவிட 25 சதவீதத்துக்கு மேல் மாறியிருந்தால் காரணமும் சொல்ல வேண்டும். அந்தக் காரணப் பத்தியை வாசிக்காமல் விடக்கூடாது.

லாப நட்டக் கணக்கில் ‘நிதிச் செலவு’ என்ற வரி இருக்கும். வரிக்கு முந்தைய லாபத்தோடு அதைக் கூட்டி, அதே நிதிச் செலவால் வகுத்தால் வட்டிக் காப்பு. அதற்கு முன் ‘இதர வருமானம்’ எவ்வளவு என்று பார்த்து, நிலம் விற்றது போன்ற ஒருதடவை லாபம் இருந்தால் கழித்துவிட வேண்டும். கட்டுமானத்தில் இருக்கும் ஆலை பெரிதாக இருந்தால், அதில் சேர்க்கப்பட்ட வட்டி எவ்வளவு என்பது குறிப்புகளில் இருக்கும். அதையும் வட்டியோடு கூட்டி இன்னொரு முறை வகுத்துப் பார்க்கலாம்.

ஓர் ஆண்டின் எண்ணை மட்டும் பார்த்து முடிவுக்கு வராமல், அந்தத் தொழில் கடைசியாக அடிவாங்கிய ஆண்டைத் தேடிப் பிடிக்க வேண்டும். பல தொழில்களுக்கு அது 2020-21; உருக்குக்கு 2015-16. அந்த ஆண்டில் செயல்பாட்டு லாபம் எத்தனை சதவீதம் விழுந்தது என்று குறித்துக்கொண்டு, இன்றைய லாபத்தில் அதே சதவீதத்தைக் கழித்து, இன்றைய வட்டியால் வகுக்க வேண்டும். விடை 1-க்கு மேலே நின்றால் இன்னொரு அடியைத் தாங்கும் வாய்ப்பு இருக்கிறது. கீழே போனால், நடப்புப் பொறுப்புகளில் இருக்கும் ‘ஓராண்டுக்குள் முதிரும் நீண்டகாலக் கடன்’ என்ற தொகையை எடுத்து, நிறுவனத்தின் ரொக்கக் கையிருப்புக்குப் பக்கத்தில் எழுதி, எது பெரிது என்று பார்க்க வேண்டும்.